பூர்வீக நிலத்தை அளந்தால் பட்டாவோடு பரப்பு ஒத்துவரவில்லை: வி.ஏ.ஓ.வுக்குக் கடிதம் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாட்டன், தகப்பன் வழியாக வந்த புன்செய், நன்செய் நிலங்கள் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இங்கே உள்ளன. விளக்கத்துக்கு ஒரே ஒரு மாதிரி நிலத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்தொடர்கிறோம். அதன் புல எண்ணும் அளவுகளும் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை.

தாத்தா நிலத்தை அளந்து பார்த்தோம், பட்டாவுல இருக்குறதை விட அதிகமா வருது. உடனே வி.ஏ.ஓ.வுக்கு எழுதிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். "அளந்தோம், அதிகம் இருக்கிறது, சேர்த்துக் கொடுங்கள்" என்று மட்டும் எழுதும் மனு பெரும்பாலும் நகராது. கூடுதலாக இருக்கும் இடம் யாருடையது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. பக்கத்து வயலாக இருக்கலாம், வண்டிப்பாதையாக இருக்கலாம், வாய்க்கால் புறம்போக்காக இருக்கலாம். அப்படி இருந்தால், உங்கள் மனுவே ஆக்கிரமிப்பு விசாரணைக்கு வழி திறந்துவிடும்.

எழுதும் முன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தவறு தரையில் இருக்கிறதா, நிலத்தின் எல்லையையும் அளவுகளையும் அரசு வரைந்து வைத்திருக்கும் புலப்படத்தில் இருக்கிறதா, பதிவேட்டில் இருக்கிறதா? பதிவேட்டில் மட்டும் தவறு என்றால் கடிதம் எளிது, வேலையும் ஓரளவு எளிது. மற்ற இரண்டுக்கும் வழி வேறு.

பட்டாவுல 0.46.50னு போட்டிருக்கு. இது எத்தனை சென்ட்?

முதல் எண் ஹெக்டேர், நடு எண் ஏர், கடைசி எண் சதுர மீட்டர். 0.46.50 என்றால் 46 ஏர் 50 சதுர மீட்டர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர் என்பதால் மொத்தம் 4,650 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். 4,650ஐ 40.47ஆல் வகுத்தால் 114.9 சென்ட், அதாவது 1 ஏக்கர் 15 சென்டுக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த எண்ணை 46 சென்ட் என்று படித்துவிட்டு "பாதி நிலம் போச்சு" என்று வருபவர்கள் உண்டு. ஏரும் சென்டும் ஒன்றல்ல. ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட். பல பட்டாக்களில் கடைசி எண் 00 அல்லது 50 என்று முடிவதையும் கவனியுங்கள். அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதியதால் அப்படி வருகிறது. ஆகவே ஒரு சென்டுக்குள் வரும் வித்தியாசத்துக்காக மனு எழுதுவதில் பயன் இல்லை.

நாங்களே டேப் பிடிச்சு அளந்தோம், செல்போன் ஆப்லயும் பார்த்தோம். அது செல்லுமா?

உங்கள் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ள டேப் அளவு உதவும். ஆதாரமாக அலுவலகம் ஏற்பது அரசு நில அளவர் அளந்த அளவைத்தான். செல்போன் ஆப்பைக் கடிதத்தில் குறிப்பிடவே வேண்டாம். காரணம் எளிய கணக்கு. நம் மாதிரி நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 285 மீட்டர். நான்கு பக்கமும் எல்லை ஒரு மீட்டர் தள்ளிப் பதிவானாலே பரப்பு சுமார் 285 சதுர மீட்டர், அதாவது 7 சென்ட் மாறிவிடும். செல்போன் காட்டும் இடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் பிழை வருவது சாதாரணம்.

டேப்பால் அளக்கும்போது அதிகம் நடக்கும் தவறு, வரப்பின் வெளி ஓரத்தில் பிடிப்பது. பொது வரப்பில் நடுவே பிடிக்க வேண்டும். கல் இருந்தால் கல்லிலிருந்து கல்லுக்கு. நான்கு பக்கத்தை மட்டும் அளந்தால் பரப்பு வராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நான்கு பக்கமும் மாறாமலே நிலம் சாய்சதுரமாகச் சாய்ந்து பரப்பு குறைய முடியும். எதிரெதிர் மூலைக்கு ஒரு குறுக்குக் கோடு அளந்து, மற்ற இரு மூலைகளிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் அளந்தால்தான் கணக்கு நிற்கும்.

அரசு நில அளவரை அழைக்க, வட்டாட்சியர் அலுவலகம், இ-சேவை மையம் அல்லது `tamilnilam.tn.gov.in/citizen` வழியாகக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். பக்கத்து நிலக்காரர்களுக்கு முன்னறிவிப்புப் போன பிறகுதான் அளவை நடக்கும். அளந்த பின் அறிக்கையும் வரைபடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "சார் வாயால சொன்னார்" என்பது கடிதத்தில் நிற்காது.

தவறு எங்கே இருக்குன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூன்று தாள்கள் வேண்டும்: பட்டா, புலப்படம், கிராமத்தின் எல்லாப் புல எண்களின் பரப்பையும் பதிந்து வைத்திருக்கும் அ-பதிவேட்டில் உங்கள் புல எண்ணின் எல்லா உட்பிரிவுகளும் வரும் பகுதி. மூன்றையும் `eservices.tn.gov.in` தளத்தில் பார்க்கலாம். கடைசித் தாளைத்தான் யாரும் எடுப்பதில்லை. ஆனால் பாதி வழக்கு அதில்தான் தீர்கிறது.

நம் மாதிரி நிலம் புல எண் 112, உட்பிரிவு 3. பட்டாவில் 0.46.50. அரசு நில அளவர் அளந்ததில் 4,970 சதுர மீட்டர். முதலில் புலப்படத்தைக் கணக்கிடுவோம். படத்தில் 112/3க்குள் ஓடும் மூலைவிட்டக் கோடு 110 மீட்டர். அதன் ஒரு பக்கச் செங்குத்து 41.8 மீட்டர், மறுபக்கம் 48.3 மீட்டர். இரண்டு செங்குத்தையும் கூட்டி, மூலைவிட்டத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும்:

```
(41.8 + 48.3) × 110 ÷ 2 = 4,955.5 சதுர மீட்டர்
```

தரையில் 4,970, படத்தில் 4,955. வித்தியாசம் அரை சென்டுக்கும் குறைவு. ஆக, தரையும் படமும் ஒத்துப்போகின்றன. பட்டாதான் தனியாக நிற்கிறது. அடுத்து அ-பதிவேட்டில் புல எண் 112இன் மொத்தப் பரப்பு 1.82.50 என்று இருக்கிறது. உட்பிரிவு 1க்கு 0.61.00, உட்பிரிவு 2க்கு 0.72.00, உட்பிரிவு 3க்கு 0.46.50. மூன்றையும் கூட்டினால் 1.79.50தான் வருகிறது. மூன்று ஏர் எந்த உட்பிரிவிலும் சேராமல் தொங்குகிறது. உட்பிரிவு 3க்கு 0.49.50 என்று வைத்தால் கூட்டல் சரியாகிறது; புலப்படக் கணக்கோடும் பொருந்துகிறது. பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதும்போது 49 என்பது 46 ஆகியிருக்கிறது. இழந்தது 300 சதுர மீட்டர், ஏறக்குறைய ஏழரை சென்ட்.

புலப்படத்தைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. உட்பிரிவுக்குள் மூலைவிட்ட அளவு எழுதப்படாமல் இருந்தால், அச்செடுத்த தாளில் ஸ்கேல் வைத்து அளந்து கணக்குப் போடாதீர்கள். 1:2000 அளவுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 20 மீட்டர். பிரிண்டர் தாளுக்கு ஏற்பச் சுருக்கி அச்சடித்தால் அந்த விகிதமே போய்விடும். படத்தில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். மிகப் பழைய படங்களில் எண்கள் மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி.

தாத்தா வாங்கின பத்திரத்துல 1 ஏக்கர் 25 சென்ட்னு தெளிவா இருக்கு. அப்ப 1.25 தானே கேக்கணும்?

வேண்டாம். 125 சென்ட் என்றால் 5,058 சதுர மீட்டர். தரையும் இல்லை, படமும் இல்லை. அந்தக் காலப் பத்திரங்களில் பரப்பு பெரும்பாலும் விற்றவர் சொன்னபடி எழுதப்பட்டது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லி "இதற்குட்பட்ட" என்று எழுதியிருக்கும். எல்லையும் பரப்பும் மோதினால், தெளிவாக அடையாளம் காணக்கூடிய எல்லைக்கே பொதுவாக எடை அதிகம்.

கடிதத்தில் 1.25 கேட்டால், அலுவலகம் புலப்படத்தோடு ஒப்பிட்டு "ஆவணப்படி பொருந்தவில்லை" என்று ஒரே வரியில் மூடிவிடும். உங்கள் பக்கம் நியாயமாக இருந்த மூன்று ஏரும் அதோடு போகும். அரசின் சொந்தப் பதிவேடுகளே எந்த எண்ணைக் காட்டுகின்றனவோ, அதை மட்டும் கேளுங்கள். இங்கே அது 0.49.50. பத்திர நகலை இணைக்கலாம், உரிமைக்கான ஆதாரமாக, பரப்புக்காக அல்ல.

பரப்பை மாத்துற அதிகாரம் வி.ஏ.ஓ.வுக்கு இருக்கா? இல்லைன்னா அவருக்கு எதுக்கு எழுதணும்?

அவரால் மாற்ற முடியாது. பரப்புத் திருத்தம் வட்டாட்சியர் நிலையிலோ அதற்கு மேலோ உத்தரவாக வர வேண்டும். எழுத்துப் பிழை, கூட்டல் பிழை என்று தெளிவாகக் காட்ட முடிந்தால் கீழ்நிலையிலேயே முடிய வாய்ப்பு உண்டு. பக்கத்துக்காரர் பரப்பைத் தொட வேண்டியிருந்தால் கோப்பு கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று ஏறும்.

ஆனாலும் கடிதம் அவரிடமிருந்து தொடங்குவதே நல்லது. கிராமக் கணக்குகள் அவரிடம் உள்ளன. நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது, எல்லையில் தகராறு உண்டா என்று வட்டாட்சியர் கடைசியில் கேட்கப்போவது அவரைத்தான். ஆகவே அவரிடம் "மாற்றித் தாருங்கள்" என்று கேட்காமல், "கிராமக் கணக்கோடு ஒப்பிட்டு, அறிக்கையுடன் வட்டாட்சியருக்கு அனுப்பித் தாருங்கள்" என்று கேளுங்கள். தன் கையில் உள்ள வேலையைக் கேட்கும் மனுவை அவரால் உடனே எடுக்க முடியும்.

பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு. நான் மட்டும் கையெழுத்துப் போட்டா போதுமா?

போதாது. தாத்தா பெயரில் பட்டா இருக்கும்வரை மனுதாரர் யார் என்பதே முதல் கேள்வியாக நிற்கும். முதலில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள். தாத்தாவுக்குப் பிறகு அப்பாவும் இறந்திருந்தால் இரண்டு தலைமுறைக்கும் சான்று வேண்டும். அத்தைகளை விட்டுவிட்டு எடுத்த வாரிசு வரிசை பின்னால் சிக்கும். அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

பரப்புத் திருத்தக் கடிதத்தில் கூட்டுப் பட்டாதாரர் எல்லோரும் கையெழுத்திடுவது நல்லது. வெளியூரில் இருப்பவர் ஒப்புதல் கடிதம் அனுப்பலாம். பெயர் மாற்றத்தையும் பரப்புத் திருத்தத்தையும் ஒரே மனுவில் கேட்காதீர்கள். ஒன்று தடைப்பட்டால் மற்றதும் நின்றுவிடும்.

கடிதத்தை எப்படி எழுதணும்னு முழுசா காட்டுங்களேன்.

நம் மாதிரி நிலத்துக்கு இப்படி இருக்கும்:

அனுப்புநர்: ____ மற்றும் கூட்டுப் பட்டாதாரர்கள், ____ கிராமம், ____ வட்டம்.

பெறுநர்: கிராம நிர்வாக அலுவலர் அவர்கள், ____ கிராமம்.

பொருள்: புல எண் 112/3, பட்டா எண் ____ — அ-பதிவேட்டிலும் பட்டாவிலும் பரப்பு குறைவாகப் பதிவாகியுள்ளதைத் திருத்த, அறிக்கையுடன் வட்டாட்சியருக்கு அனுப்பக் கோருதல்.

ஐயா, வணக்கம். மேற்கண்ட நிலம் எங்கள் பாட்டனார் வழியில் வந்து, தற்போது எங்கள் பெயரில் கூட்டுப் பட்டாவாக உள்ளது. நாங்களே பயிர் செய்து வருகிறோம். எல்லைக் கற்கள் குறித்துப் பக்கத்து நிலக்காரர்களுடன் தகராறு எதுவும் இல்லை.

பட்டாவில் பரப்பு 0.46.50 என உள்ளது. புலப்பட அளவுகளின்படி கணக்கிட்டால் 4,955 சதுர மீட்டர் வருகிறது. ____ தேதியில் அரசு நில அளவர் அளந்ததில் 4,970 சதுர மீட்டர் உள்ளது. அ-பதிவேட்டில் புல எண் 112இன் மொத்தப் பரப்பு 1.82.50, ஆனால் உட்பிரிவுகள் 1, 2, 3இன் கூட்டுத்தொகை 1.79.50 மட்டுமே. விடுபட்ட 0.03.00ஐ உட்பிரிவு 3இல் சேர்த்தால் 0.49.50 என மூன்றும் ஒத்துவருகின்றன. உட்பிரிவுகள் 1, 2இன் பரப்பில் எந்த மாற்றமும் நாங்கள் கோரவில்லை.

ஆகவே தாங்கள் கிராமக் கணக்குகளுடன் ஒப்பிட்டு, புல எண் 112/3இன் பரப்பை 0.49.50 எனத் திருத்த, தங்கள் அறிக்கையுடன் வட்டாட்சியர் அவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

இணைப்பு: பட்டா, புலப்படம், அ-பதிவேட்டுப் பகுதி, நில அளவர் அறிக்கை, கணக்குத் தாள், பத்திர நகல், வாரிசுச் சான்று.

இப்படிக்கு, (எல்லோர் கையெழுத்தும் தேதியும்)

ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். "மாற்றம் கோரவில்லை" என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பக்கத்துக்காரருக்கு நட்டமில்லை என்பதை அலுவலர் ஒரே பார்வையில் அறிவது அதில்தான். முன்பு எழுதியவர் தவறு செய்தார், பணம் வாங்கினார் என்றெல்லாம் இதில் எழுத வேண்டாம். பரப்புக் கோப்பு குற்றச்சாட்டுக் கோப்பாக மாறிவிட்டால் அளவைப் பார்க்க ஆளிருக்காது.

கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, பதிலே இல்லை. என்ன செய்யலாம்?

கொடுக்கும்போதே இரண்டாவது பிரதியில் தேதியுடன் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் மறுபடி அனுப்புங்கள், வட்டாட்சியருக்கும் ஒரு நகலோடு. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி கிராமக் கணக்குகளைச் சரிபார்ப்பதற்கென்றே உள்ளது. இப்படிப்பட்ட மனுவை அங்கே கொடுப்பது மிகப் பொருத்தம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, மனு தற்போது எந்த நிலையில் உள்ளது என்றும், பழைய பதிவேட்டில் 112/3க்கு எழுதிய பரப்பின் சான்றிட்ட நகல் வேண்டும் என்றும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். யு.டி.ஆர். என்று சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது; எடுத்தெழுதும் பிழைகள் பல அப்போது நுழைந்தவை. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் சரியான பரப்பு இருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. அந்தப் பதிவேடு ஏக்கர், சென்டில் இருக்கும், ஒப்பிடும்முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்க கேஸ்ல உட்பிரிவு எல்லாம் கூட்டினா மொத்தம் சரியா வருது. ஆனாலும் எங்களுக்குக் குறைவு. இப்ப?

அப்படியானால் உங்களுக்குக் குறைந்தது இன்னொருவர் உட்பிரிவில் கூடியிருக்கிறது. எல்லா உட்பிரிவுகளுக்கும் மேலே சொன்ன மூலைவிட்டக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். யாருடைய பதிவுப் பரப்பு படத்தைவிட அதிகம் என்று தெரிந்துவிடும். இது எழுத்துப் பிழைத் திருத்தமாகப் போகாது. அவருக்கு அறிவிப்பு அனுப்பி, விசாரித்து, மேல்நிலை அலுவலர் உத்தரவிட வேண்டும்.

மாதிரிக் கடிதத்தின் "மாற்றம் கோரவில்லை" வரியை எடுத்துவிட்டு, எந்த உட்பிரிவில் எவ்வளவு கூடியுள்ளது என்று நேராக எழுதுங்கள். மறைத்தால் விசாரணை நாளில் அவர் எதிர்ப்பார். முன்பே பேசி, "புலப்படப்படி திருத்த ஆட்சேபம் இல்லை" என்று அவர் எழுதிக் கொடுத்தால் வேலை வெகுவாகக் குறையும்.

பட்டாவும் புலப்படமும் ஒண்ணாதான் இருக்கு, தரைதான் வேற மாதிரி இருக்கு. இதுக்கும் இதே கடிதமா?

இல்லை. தரையில் குறைவு என்றால் எல்லை நகர்ந்திருக்கிறது. நில அளவர் புலப்படப்படி எல்லையைக் காட்டிக் கல் நடவும், பக்கத்துக்காரர் ஏற்கவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றமும்தான் வழி. தரையில் அதிகம் என்றால் முதல் பதிலை மறுபடி படியுங்கள். அந்தக் கூடுதல் இடத்தைக் கேட்டு எழுதாதீர்கள்.

புலப்படமே தவறு, கல்லும் வரப்பும் தலைமுறையாக அப்படியே இருக்கின்றன என்பது மூன்றாவது வகை, மிகக் கடினமானது. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923இன்படி அளவை முடிந்ததாக 13ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு வந்தால், அந்த எல்லை இறுதியாகிறது. அதை எதிர்த்து வழக்குப் போட 14ஆம் பிரிவு தரும் காலம் அறிவிப்பிலிருந்து மூன்றாண்டு. இதில் கடிதம் எழுதுமுன் நிலவழக்குப் பார்க்கும் வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டுங்கள்.

திருத்தம் வர்ற வரைக்கும் அண்ணன் தம்பி பாகம் பிரிச்சுக்கலாமா?

வாயால் பிரித்து அவரவர் பயிர் செய்துகொள்ளலாம். பாகப் பிரிவினைப் பத்திரமும் உட்பிரிவும் காத்திருக்கட்டும். 0.46.50 என்ற தவறான எண்ணை மூன்றாகப் பிரித்து 0.15.50 வீதம் மூன்று பட்டா வாங்கிவிட்டால், அதன் பிறகு ஒரு திருத்தத்துக்குப் பதில் மூன்று திருத்தம் கேட்க வேண்டும், பத்திரத்துக்கும் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும்.

உத்தரவு வந்ததும் அதன் நகலை வாங்கி, இணையத்தில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் தனித்தனியாகத் திறந்து 0.49.50 வந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவில் திருத்தி அ-பதிவேட்டில் பழையதை விட்டுவிடுவது நடக்கும். அப்படி இருந்தால் அன்றைக்கே உத்தரவு எண்ணைக் குறிப்பிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பயிர்க்கடன் கணக்கில் பழைய பரப்பு இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலும் புதிய பட்டாவைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.